வாரப் பாடக் காணொளிகளுக்கான எடிட்டிங் முன்மொழிவு

“பத்தாம் வகுப்பு இயற்பியல், வாரம் ஒரு காணொளி. வெள்ளி மாலை பதிவு, திங்கள் காலை வெளியீடு. வேகமாக முடித்துத் தரும் எடிட்டர் தேவை.”

வணக்கம். இந்தக் கெடுவுக்குள் என்னால் முடித்துத் தர இயலும். பாடக் காணொளிகளில் வெட்டும் வேலையைவிடத் திருத்தங்களே அதிக நேரத்தை விழுங்குகின்றன என்பதால், அதற்கேற்பவே என் முறையை அமைத்திருக்கிறேன். வெள்ளி இரவு கோப்புகள் வந்ததும் எடை குறைந்த பிராக்ஸி நகல்களை உருவாக்கி, தடுமாற்றங்களையும் மறுபடி சொன்ன வரிகளையும் நீக்கிய முதல் வெட்டை, அசைவூட்டம் ஏதும் சேர்க்காமல், சனி மாலைக்குள் அனுப்புவேன். பாடப் பிழைகளை ஆசிரியர் அந்தக் கட்டத்திலேயே நிமிடக் குறிப்புடன் சுட்டிவிட வேண்டும். ஓம் விதி வரைபடத்தை அசைவூட்டிய பிறகு ஒரு வாக்கியத்தை நீக்கினால், அதற்குப் பின்னுள்ள ஒவ்வோர் அசைவையும் பேச்சோடு மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். சமன்பாடுகளும் ஒலிச் சீரமைப்பும் முடிந்து, இறுதிக் கோப்பு ஞாயிறு இரவு உங்களிடம் இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள்: தவறிய வரியை மீண்டும் சொல்லும் முன் ஆசிரியர் ஒருமுறை கைதட்டட்டும். ஒலி அலையில் அந்த இடம் கூர்முனையாகத் தெரிவதால், முழுப் பதிவையும் கேட்டுத் தேடும் வேலை பெருமளவு மிச்சமாகும். முகப்பு, எழுத்துரு, நிறம் ஆகியவற்றுக்கான வார்ப்புருவை உருவாக்க வேண்டியிருப்பதால், முதல் காணொளிக்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாகத் தேவை. கட்டணம் காணொளிக்கு இவ்வளவு என்ற கணக்கில், இரண்டு திருத்தச் சுற்றுகளை உள்ளடக்கியது. மறுபதிவு செய்த பகுதிகளைச் சேர்ப்பது மட்டும் தனிக் கணக்கு.