அரை மூட்டை மிக்சருக்கு எந்த அளவில் மரப்பெட்டி?

"வீட்டுக்கு பிளிந்த் பீம் போடப் போகிறோம். 9 அங்குல அகலம், ஒரு அடி உயரம், மொத்தம் 130 ரன்னிங் அடி. வாடகைக்குக் கிடைத்திருப்பது அரை மூட்டை மிக்சர். சட்டிக் கணக்கிலேயே போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். எம்-20 வேண்டும், மரப்பெட்டியில் அளந்து போடுங்கள் என்கிறார் இன்ஜினீயர். பெட்டி எந்த அளவில் செய்வது, ஒரு லோடுக்கு எத்தனை பெட்டி?"
— ஒரு வாசகர், மணப்பாறை

உள்ளளவு 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம் இருக்கும்படி பெட்டி செய்யச் சொல்லுங்கள். ஒரு லோடுக்கு அரை மூட்டை சிமென்ட், காய்ந்த மணல் 2 பெட்டி, முக்கால் இன்ச் ஜல்லி 4 பெட்டி. இது 1:1½:3 கலவை, எம்-20க்கு வழக்கமாகப் போடுவது.

கணக்கு இதுதான். 50 கிலோ மூட்டையை 35 லிட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அரை மூட்டை 17½ லிட்டர். அதைப் போல ஒன்றரை மடங்கு மணல் என்றால் 26¼ லிட்டர், மூன்று மடங்கு ஜல்லி என்றால் 52½ லிட்டர். மேலே சொன்ன பெட்டி 13 லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும் என்பதால் இரண்டும் நான்குமாகச் சரியாக வந்துவிடுகிறது. ஒரே பெட்டியில் 26 லிட்டர் பிடிக்கும்படி செய்பவர்களும் உண்டு. ஆனால் மணல் நிரம்பினால் அது 40 கிலோவைத் தாண்டும். நாற்பது ஐம்பது லோடு அதைத் தூக்கிக் கொட்ட யாராலும் முடியாது, மதியத்துக்குமேல் பெட்டி தானாகவே அரைகுறையாக நிரம்பத் தொடங்கும். சின்னப் பெட்டி 20 கிலோவில் நிற்கும். வாய் அகன்று உயரம் குறைந்த பெட்டியும் வேண்டாம். மேலே ஒரு செ.மீ. குவிந்தால்கூட அதில் பிழை பெரிதாகிவிடும்.

பெட்டியைத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். நேரான ஒரு கட்டையால் விளிம்போடு வழித்துவிட்டால் போதும். சட்டிக் கணக்கு தவறிப்போவது இந்த இடத்தில்தான். சட்டியைக் காலையில் குவித்து அள்ளுவார்கள், மாலையில் மட்டமாக அள்ளுவார்கள், எண்ணிக்கை மட்டும் மாறாது. கொத்தனாருக்குச் சந்தேகம் இருந்தால் அவர் சட்டியாலேயே பெட்டியை மூன்று முறை நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே கணக்கு வராது.

சிமென்டைப் பெட்டியால் அளக்காதீர்கள். கொட்டும்போது அது உப்பிக்கொள்ளும், ஒரே பெட்டிக்குள் ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் அடங்கும். ஒரு தொங்கு தராசு வாங்கி, வாளியில் 25 கிலோ நிறுத்துப் போடுவதே சரி. தராசு இல்லாவிட்டால் மூட்டையை நடுவில் வெட்டிப் பாதியாக்கலாம். அப்போது ஒரு மூட்டை அடுத்தடுத்த இரண்டு லோடில் தீர்ந்துவிட வேண்டும், மிச்சம் மூன்றாவது லோடுக்குப் போகக்கூடாது. முழு மூட்டையை ஒரே லோடாகப் போடலாமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த மிக்சரின் வாயிலிருந்து சிந்தாமல் கலந்து வருவது சுமார் 100 லிட்டர் கான்கிரீட்தான். முழு மூட்டைக்கு 124 லிட்டர் வரும்.

இனி, பெட்டி செய்தவர்களும் கோட்டை விடும் இடம்: ஈர மணல். சற்றே நனைந்த மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நீர்ப்படலம் நின்று துகள்களைத் தள்ளி வைக்கும், மணல் உப்பும். எம்-சாண்டும் உப்பும், பொடி அதிகமானால் இன்னும் கூடுதலாகவே. நூற்றுக்கு 25 பங்கு உப்பியிருக்கும் மணலைக் காய்ந்த மணல் கணக்கில் இரண்டு பெட்டி போட்டால் உள்ளே போவது 21 லிட்டர் மணல்தான். மணல் குறைந்தால் சிமென்ட் பங்கு கூடுகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது வேறு. ஜல்லியின் இடைவெளியை நிரப்பச் சாந்து போதாமல் கலவை முரடாகும், கரண்டிக்கு இழைந்து வராது. உடனே யாராவது தண்ணீரைக் கூட்டுவார்கள். சென்ட்ரிங் பிரித்ததும் பீமின் கீழ் மூலையில் ஜல்லி துருத்திக்கொண்டு ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

உப்பலைக் காண ஒரு நேரான கண்ணாடி ஜாடி போதும். மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். அதை வெளியே கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறிப் படியவிடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம் (20-ஐ 16-ஆல் வகுத்தால் 1.25). பெட்டி உயரமும் அதே மடங்கு கூட வேண்டும், அதாவது 21 செ.மீ. என்பது 26¼ செ.மீ. ஆக வேண்டும்.

ஆகவே மணலுக்கு மட்டும் தனிப்பெட்டி செய்யுங்கள். அடி அதே 25-க்கு 25, உயரம் 30 செ.மீ. 18 மி.மீ. பிளைவுட்டில் அடிக்குப் பொருந்தும் ஐந்து துண்டுகள் வெட்டி வையுங்கள். ஐந்தையும் உள்ளே போட்டுத் திருகினால் உயரம் 21 செ.மீ., காய்ந்த மணலுக்கு. இரண்டு மட்டும் போட்டால் 26.4 செ.மீ., ஜாடியில் 25 சதவீதம் காட்டிய மணலுக்கு. தினமும் காலையில் ஒருமுறை, குவியலின் அடி ஈரம் வெளிவரும்போது ஒருமுறை ஜாடி வைத்துப் பாருங்கள். கனமழையில் ஊறிப்போன மணல் உப்பாது, ஏறக்குறைய காய்ந்த அளவுக்கே திரும்பிவிடும். ஜல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஐ.எஸ். 456 விதிப்படி எம்-20 கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது. உங்கள் லோடுக்கு 15 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இதற்குள் அடக்கம். மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் லோடுக்கு 2 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, ஊற்ற வேண்டியது 13. வாளியில் கோடு போட்டு வையுங்கள், ஹோஸ் பைப்பை மிக்சர் பக்கம் விடாதீர்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரும் பாதி ஜல்லியும், பிறகு மணல், சிமென்ட், மீதி ஜல்லி, மீதித் தண்ணீர். எல்லாம் உள்ளே போனபின் முழுதாக 2 நிமிடம் சுற்ற வேண்டும். அன்றைய முதல் லோடில் சாந்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த ஒரு லோடில் மட்டும் ஜல்லி 3 பெட்டி போடுங்கள்.

உங்கள் பீம் 97½ கன அடி. ஒரு லோடில் கிடைப்பது சுமார் 62 லிட்டர், அதாவது 2.2 கன அடி. 45 லோடு, 23 மூட்டை சிமென்ட். லோடுக்கு 5 நிமிடம் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும்.

இதிலேயே அளவைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு லோடு பீமில் 3 அடிக்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டும், 20 லோடு முடிந்ததும் 58, 59 அடியில் நிற்க வேண்டும். சென்ட்ரிங் பலகையில் முன்கூட்டியே சாக்பீஸால் அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள். 55 அடியிலேயே நின்றுவிட்டால் மணல் உப்பலை மறந்திருக்கிறார்கள், அல்லது சென்ட்ரிங் வயிறு தள்ளியிருக்கிறது. 65 அடி ஓடியிருந்தால் பெட்டி குவிந்து போகிறது, அல்லது தண்ணீர் கூடுகிறது. அந்த இடத்திலேயே மிக்சரை நிறுத்தி, அடுத்த லோடைப் பக்கத்தில் நின்று அளந்து போடுங்கள்.