தீ, தண்ணீர், மழை, திருட்டு: இழப்பை உண்டாக்கியது எது?

கேள்வி: புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் பற்றிய தீ எங்கள் மேல்மாடிக்குப் பரவியதில் கூரை போய்விட்டது. தீயணைப்புப் படையினர் கதவை உடைத்துப் பாய்ச்சிய தண்ணீரில் கீழ்த்தளத் துணிகள் நனைந்தன. மறுநாள் மாலை மழை பெய்தது; ஒன்பது நாள் கழித்தும் பெய்தது. இடையில் ஓர் இரவு உடைந்த கதவு வழியாகத் திருடிவிட்டார்கள். மழைநீர்ச் சேதமும் திருட்டும் என் தீக் காப்புறுதியில் விலக்கப்பட்டவை என்று சொல்லி, எரிந்த துணிக்கு மட்டும் 6 இலட்சம் ரூபா தருகிறார்கள். மொத்த இழப்பு 38 இலட்சம். இது சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் முழுத் தொகையும் கிடைக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி தீயில் எரிந்தது 6 இலட்சம், தீயணைப்புத் தண்ணீரில் போனது கதவு உட்பட 14, முதல் மழையில் 7, இரண்டாம் மழையில் 3, திருட்டில் 8 இலட்சம். இவற்றை ஒரே இழப்பாகக் கோராமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோர வேண்டும்.

காப்புறுதிச் சட்டம் தேடுவது அண்மைக் காரணத்தை. அண்மை என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. கடைசியாக நடந்தது என்பதல்ல அதன் பொருள். இழப்பை உண்மையில் உண்டாக்கிய, வலுவான காரணம் எதுவோ அதுவே அண்மைக் காரணம். தீக் காப்புறுதி வழக்குகளில் இலங்கை நீதிமன்றங்கள் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றுவதால், அங்கே 1918இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இங்கும் பயன்படும். இகாரியா என்ற கப்பல் டோர்பிடோவால் தாக்கப்பட்டு, துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட பின், காற்றிலும் வற்றுப்பெருக்கிலும் அடிபட்டு மூழ்கியது. கடல் அபாயங்களுக்குக் காப்புறுதி இருந்தது, போர் விலக்கப்பட்டிருந்தது. கடைசியில் மூழ்கடித்தது கடலாக இருந்தும், டோர்பிடோவின் பிடியிலிருந்து கப்பல் ஒருபோதும் மீளவில்லை என்பதால் நட்டஈடு மறுக்கப்பட்டது. அங்கே உரிமையாளருக்குப் பாதகமாக அமைந்த அதே விதி உங்களுக்குச் சாதகமாக அமைகிறது.

தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரும், அதற்காக உடைத்த கதவும் தீயின் நேரடி விளைவுகள். இடையில் புதிய சக்தி எதுவும் புகவில்லை. மழைநீரைப் பற்றிய விலக்கு இந்தத் தண்ணீருக்குப் பொருந்தாது. ஆகவே இந்த 14 இலட்சத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மழையில்தான் கவனம் தேவை. தீயால் பலவீனப்பட்ட சுவர் ஒன்று சில நாட்களுக்குப் பின் வீசிய கடுங்காற்றில் விழுந்த 1876ஆம் ஆண்டு வழக்கில், காரணம் தீயல்ல, காற்றே என்று முடிவானது. கம்பனி அதையே உங்களிடமும் சொல்லும். ஆனால் முதல் மழை பெய்தபோது தீ அணைந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கூரையைத் திறந்துவிட்டது தீ, அதை மூட உங்களுக்கு நியாயமான அவகாசம் இருக்கவில்லை. கொழும்பில் மாலை மழை அசாதாரணமான நிகழ்வும் அல்ல. எனவே இந்த 7 இலட்சத்துக்கு வலுவான வாதம் உண்டு. ஒன்பது நாளில் தார்ப்பாய் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், இரண்டாம் மழையின் 3 இலட்சம் உங்கள் கவனக்குறைவாகவே பார்க்கப்படும். பரிசோதனை முடியும்வரை எதையும் தொடவேண்டாம் என்று இழப்பு மதிப்பீட்டாளர் உங்களிடம் எழுத்தில் கூறியிருந்தால் நிலைமை மாறும். அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள்.

திருட்டை நான் கோரமாட்டேன். தீ வாய்ப்பை உண்டாக்கியது. பொருளை எடுத்துச்சென்றது இன்னொருவரின் சுயமான செயல். உங்கள் பத்திரத்தில் தீயின் போதோ அதன் பின்னரோ நிகழும் திருட்டு வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது.

மழைநீர் விலக்கின் வாசகத்தையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்கள் அதில் இருந்தால், நான் முதல் மழைக்குச் சொன்ன வாதம் பெருமளவு பலவீனப்படும். அந்தச் சொற்களைச் சேர்ப்பதே அண்மைக் காரண விதியின் பிடியைத் தளர்த்தத்தான். அவை இல்லையென்றால், இழப்பு தீயால் வந்தது என்று நீங்கள் காட்டிய பின், அது விலக்குக்குள் அடங்குகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பனியுடையது.

நனைந்த துணிகளை இன்னும் எறியாதீர்கள். தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய துணிக்கட்டுகளில் கரிக்கறையும் புகைநாற்றமும் இருக்கும். மழையில் நனைந்தது பெரும்பாலும் வெளிறிய நீர்க்கோட்டோடு காணப்படும். இவற்றைத் தனித்தனியாக அடுக்கி, திகதி தெரியப் படமெடுத்து, தீயணைப்புப் படையின் அறிக்கையையும் சேர்த்து, ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனிக் காரணத்தோடு 27 இலட்சத்துக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதுங்கள். மறுப்பார்களானால், எந்த விலக்கின் கீழ், எந்தத் தொகைக்கு என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அது கையில் கிடைக்கும்வரை 6 இலட்சத்தை முழுத் தீர்வாக ஏற்கும் பற்றுச்சீட்டில் கையொப்பமிடாதீர்கள்.