ஒரே மருந்து, சாகாத குதிரைவாலிப் புல்

கேள்வி: நேரடி நெல் விதைப்பு. அஞ்சு வருஷமா பிஸ்பைரிபாக் சோடியம்தான் அடிக்கிறோம். முன்னெல்லாம் குதிரைவாலிப் புல் கருகிடும். இப்ப மத்த களை சாகுது, இது மட்டும் நிக்குது. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். முதலில், பிழைத்த புல் வயலில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கோடு கோடாகத் தப்பியிருந்தால் தெளிப்பில் தவறு. நான்கு இலைக்கு மேல் முற்றிய பிறகு அடித்திருந்தாலும், தண்ணீரை வடிக்காமல் அடித்திருந்தாலும் புல் பிழைக்கும். ஆனால் செத்த குதிரைவாலிக்குப் பக்கத்திலேயே அதே வயதுப் புல் பச்சையாக நின்றால் எதிர்ப்புத்திறன் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மருந்து, புல்லுக்குத் தேவையான சில அமினோ அமிலங்களை உருவாக்கும் ஏ.எல்.எஸ் என்ற நொதியைப் பூட்டிவிடுகிறது. லட்சக்கணக்கான செடிகளில் ஏதோ ஒன்றிரண்டில் அந்த நொதியின் அமைப்பு பிறவியிலேயே சற்று மாறியிருக்கும். மருந்து அதில் ஒட்டாது. வேறு சில செடிகள் மருந்தையே உடைத்துச் செரித்துவிடும். மருந்து இவற்றைப் படைப்பதில்லை, மற்றதைக் கொன்று இவற்றுக்கு இடம் விடுகிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால் சில போகத்திலேயே வயல் அதன் கைக்குப் போய்விடும்.

கடையில் வேறு பெயர் கேட்டு வாங்கி ஏமாறுவது இங்கேதான். பெனாக்சுலமும் அதே நொதியைத்தான் தாக்குகிறது. டப்பாவின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளிருக்கும் மூலப்பொருளைப் பாருங்கள்.

சந்தேகம் தீர, பிழைத்த புல்லின் விதையையும், மருந்தே படாத இடத்துப் புல்லின் விதையையும் தனித்தனித் தட்டில் முளைக்க வையுங்கள். மூன்று இலை வந்ததும் வயலுக்கு அடிக்கும் அதே கரைசலை இரண்டிலும் தெளியுங்கள். மூன்று வாரத்தில் விடை தெரியும்.

அடுத்த போகத்தில், சேற்றில் முளைகட்டிய விதை விதைப்பதானால், விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 600 மில்லி பிரெட்டிலாக்குளோர் (பாதுகாப்பான் கலந்த 30.7 இ.சி) மருந்தை 20 கிலோ மணலில் கலந்து, மெல்லிய நீர்ப்படலத்தில் தூவுங்கள். பாதுகாப்பான் இல்லாத 50 இ.சி நடவுக்கானது, விதைப்பில் போட்டால் நெல் முளையே அடிபடும். மீறி வரும் குதிரைவாலிக்கு, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் சைஹாலோஃபாப் பியூட்டைல் 10 இ.சி, ஏக்கருக்கு 300 மில்லி. இது வேறு நொதியைத் தாக்குவது. கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் உதவாது. மருந்தைச் செரிக்கும் வகைப் புல்லாக இருந்தால் இதற்கும் தப்பலாம், எனவே தட்டுச் சோதனையில் இதையும் அடித்துப் பாருங்கள்.

தப்பியதைக் கையால் பிடுங்க அஞ்ச வேண்டாம். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்கு வெண்மையான சிறு நாக்கு இருக்கும், குதிரைவாலிக்கு அது கிடையாது. முதல் 30, 40 நாளில் இதை விட்டால் வெயிலையும் தழைச்சத்தையும் நெல்லைவிட வேகமாக எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, டிம்போவா என்ற பொருளை வேர் வழியே விட்டு நெல்லின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. நெல்லும் சும்மா இருப்பதில்லை: பக்கத்தில் இந்தப் புல் இருந்தால் மோமிலாக்டோன் என்ற தன் நஞ்சைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது மட்டும் களையை அடக்கப் போதாது. பிடுங்குவதைக் கதிர் பழுக்கும் முன்பே முடித்து, வரப்பில் போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.