மாமாவின் சிகரெட்டும் மருமகனின் வேப்பும்

கேள்வி: என் அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். அவன் பையில் ஒரு வேப் இருந்தது. கேட்டால், "உங்க சிகரெட்டை விட இது 95 சதவீதம் பாதுகாப்புங்க மாமா, வேண்டாம்னா நாளைக்கே விட்டுருவேன்" என்கிறான். நானே தினம் பத்து சிகரெட் பிடிக்கிறவன், அதட்ட வாய் வரவில்லை. அவன் சொல்வது நிஜம்தானா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பாதி நிஜம்ங்க. அந்தப் பாதியும் உங்களுக்குப் பொருந்துவது, அவனுக்கு அல்ல.

சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்புதான். நுனியில் 900 டிகிரி வரை சூடேறிப் புகையிலை எரிகிறது, அப்படி எரிவதில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் சரக்குகளும் பிறந்து நெஞ்சுக்குள் போகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் நிகோட்டினும் வாசனையும் கலந்த திரவத்தை ஒரு கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட இல்லை. அதற்காக அது இட்லிச் சட்டி ஆவியும் இல்லை. சுருள் காய்ந்து கருகினால் ஃபார்மால்டிஹைடு வரும், கம்பியிலிருந்து நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் கரைந்து வரும். ஆனாலும் உங்களைப் போல வருடக்கணக்காகப் புகைத்த ஒருவர் சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டு இதற்கு மாறினால், உடம்புக்குள் போகும் விஷம் நிறையக் குறையும். அதையும் இதையும் மாற்றி மாற்றி இழுத்தால் பெரிதாக ஒன்றும் குறையாது.

அந்த 95 எங்கிருந்து வந்தது தெரியுமா? சுமார் ஒரு டஜன் நிபுணர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு நிகோட்டின் பொருளுக்கும் தீங்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள். 2014-இல் வெளியான அந்த மதிப்பீட்டை 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை எடுத்துச் சொல்ல, உலகம் சுற்றி உங்கள் மருமகன் வாய்க்கும் வந்துவிட்டது. யாரும் நுரையீரலை அளந்து சொன்ன கணக்கு அல்ல. அதுவும் புகைக்கிறவரோடு ஒப்பிட்ட கணக்கு. அவன் சிகரெட்டே தொடாதவன் என்றால் எதோடு ஒப்பிட வேண்டும்? ஒன்றுமே இழுக்காத அவனோடுதானே!

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். அந்த நிபுணர்கள் மதிப்பெண் போட்ட காலத்து வேப் வேறு, இன்று பையன்கள் கையில் இருக்கும் வேப் வேறு. பழைய திரவத்தில் நிகோட்டின் காரத்தன்மையோடு இருந்தது, அளவைக் கூட்டினால் தொண்டை எரியும், இருமல் வரும், புதிதாக இழுக்கிறவன் தூக்கிப் போட்டுவிடுவான். நம் ஊரில் முதல் பீடி இழுத்தவனெல்லாம் கண்ணில் தண்ணீர் வர இருமியது மாதிரிதான், அந்த இருமல் ஒரு வேலி. 2015 வாக்கில் அமெரிக்காவில் அந்தத் திரவத்தோடு பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து நிகோட்டினை உப்பாக மாற்றி விற்றார்கள். எரிச்சல் அடங்கிவிட்டது, அளவை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஏற்றினாலும் மாம்பழ வாசனையோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. வேலி போச்சு.

இப்போது அவன் பையில் இருந்ததை எடுத்துப் பாருங்கள். அட்டையில் 10 மி.லி., 5% என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம், ஆக மொத்தம் 500 மில்லிகிராம் நிகோட்டின். அதைப் பத்து நாளில் தீர்த்தால் தினம் 50. எல்லாம் ரத்தத்தில் சேராது, பாதி சேர்ந்தது என்றாலே 25. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது ஒன்று, ஒன்றரை மில்லிகிராம்தான். அப்படியானால் மருமகன் தினம் இருபது சிகரெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான், பத்து பிடிக்கும் மாமாவைத் தாண்டிவிட்டான்! இங்கிலாந்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இங்கே 2019 சட்டப்படி வேப் விற்பதே குற்றம் என்பதால் எல்லாம் திருட்டுச் சரக்கு, அட்டையில் போட்டிருப்பது உண்மையா என்று பார்க்கவும் ஆளில்லை. (அந்தச் சட்டம் செய்கிறவனையும் விற்கிறவனையும் இருப்பு வைக்கிறவனையும் பிடிக்கிறது, இழுக்கிறவனை அல்ல. போலீஸ் பயம் காட்டாதீர்கள்.)

சிகரெட் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் தானாக முடிந்துவிடும், அடுத்ததைப் பற்ற வைக்க வெளியே போக வேண்டும், வாடையும் காட்டிக்கொடுக்கும். வேப்புக்கு முடிவும் இல்லை, காட்டிக்கொடுக்கும் வாடையும் இல்லை, போர்வைக்குள் இழுக்கலாம், பள்ளிக்கூடக் கக்கூஸில் இழுக்கலாம். இழுத்த பத்து இருபது வினாடியில் நிகோட்டின் மூளைக்குப் போய் அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் உட்கார்ந்து, "நல்லா இருக்கு, இன்னொரு தடவை" என்ற டோபமைனைக் கிளப்புகிறது. திரும்பத் திரும்ப வந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது, அப்புறம் அவை காலியாக இருந்தாலே எரிச்சலும் தவிப்பும் வரும். பதினேழு வயதில் மூளை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது, ஆசையைத் தூண்டும் பகுதி முந்திக்கொண்டு வளர, கடிவாளம் பிடிக்கும் முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயது ஆகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, தினமும் புகைக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே, எப்போதாவது பிடித்துக்கொண்டிருந்த சில வாரங்களிலேயே சிலருக்குத் தவிப்பு வந்திருந்தது. வேப் வருவதற்கு முந்தைய கதை இது, சாதா சிகரெட்டில்.

"நாளைக்கே விட்டுருவேன்" என்றால் சண்டை வேண்டாம், நாலு கேள்வி கேளுங்கள். விட முயன்று முடியாமல் போனதா? பள்ளியில் இழுக்காமல் இருக்கச் சிரமமா? இல்லாதபோது மனது ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதா, எரிந்து எரிந்து விழுகிறானா? காலையில் எழுந்ததும் கை தேடுகிறதா? ஒன்றுக்கு "ஆமா" வந்தாலே கடிவாளம் அவன் கையில் இல்லை. ரத்தத்தில் நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். மூன்று மணி நேரப் பரீட்சையில் கடைசி ஒரு மணி அவனுக்கு எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். "டென்ஷனுக்கு இழுக்கிறேன்" என்பான், அந்த டென்ஷனில் பாதி முந்தைய இழுப்பு இறங்கியதால் வந்தது.

பிடுங்கி உடைத்தால் அடுத்தது கூரியரில் வரும். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை, மூன்று நான்கு வாரத்தில் தணியும். அதனால் பரீட்சை வாரத்தில் ஆரம்பிக்காமல், லீவில் ஒரு தேதி குறியுங்கள். 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசச் செலவில்லை. பதினெட்டு ஆகாதவனுக்கு நிகோட்டின் கம், தோலில் ஒட்டும் பேட்ச் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உங்களுக்கு டாக்டர் 2 மில்லிகிராம் கம் சொல்லலாம், எழுந்த அரை மணிக்குள் பற்ற வைக்கிறவர் என்றால் 4. அதை பபிள்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். லீவில் குறிக்கும் அந்தத் தேதி இரண்டு பேருக்கும் ஒரே தேதியாக இருக்கட்டும், மாமா சிகரெட்டோடு நின்றுகொண்டு மருமகனிடம் பேசினால் அவன் மறுபடியும் 95-இல்தான் வந்து நிற்பான்.