காலாண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன்: 22-ஐ விட 13-ஐக் கவனியுங்கள்

காலாண்டு முடியப்போகும் நேரத்தில் சிறு வணிகர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே இருக்கின்றன. வரி கட்டும் தேதியான 22 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விற்பனை பில்களைப் பதிவேற்றும் 13-ஆம் தேதிதான் கைநழுவிப் போகிறது. வரி தாமதமானால் நம் பணம் போகும். பில் பதிவு தாமதமானால் வாடிக்கையாளரே போய்விடுவார். அதனால் இந்த முறை அதைச் சுற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டில் காலாண்டுத் திட்டத்தில் (க்யூஆர்எம்பி), அதாவது 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியவை.

எனக்கு எந்தெந்தத் தேதி பொருந்தும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (மளிகை மொத்த வியாபாரம், விழுப்புரம்)

ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம், அவர்கள் வேறு வேறு திட்டத்தில் இருப்பதுதான். மாதாந்திர ரிட்டர்ன் போடுபவருக்கு, விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20. காம்போசிஷனில் இருப்பவர் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் சிஎம்பி-08 போட்டு வரி கட்ட வேண்டும். காலாண்டுத் திட்டத்தில் இருக்கும் உங்களுக்குக் கீழே உள்ளது. கோடிட்ட இடத்தில் இந்தக் காலாண்டின் தேதியை எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

காலாண்டு: [முதல் மாதம்] முதல் [மூன்றாம் மாதம்] வரை, [ஆண்டு]
முதல் மாத பில்கள், ஐஎஃப்எஃப் (அடுத்த மாதம் 13): ___/___/_____
முதல் மாத வரி, பிஎம்டி-06 (அடுத்த மாதம் 25): ___/___/_____
இரண்டாம் மாத பில்கள், ஐஎஃப்எஃப் (அடுத்த மாதம் 13): ___/___/_____
இரண்டாம் மாத வரி, பிஎம்டி-06 (அடுத்த மாதம் 25): ___/___/_____
காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 (காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13): ___/___/_____
காலாண்டு ஜிஎஸ்டிஆர்-3பி (அதே மாதம் 22): ___/___/_____

வட மாநிலங்கள் பலவற்றில் 3பி-க்குக் கடைசித் தேதி 24. அங்கே கிளையோ உறவினர் கடையோ இருந்தால் அந்தத் தேதியை இங்கே போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சில சமயம் அறிவிக்கை வந்து தேதி தள்ளிப்போகும். அப்போது போர்ட்டலில் பார்த்து உறுதி செய்தபின் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பித் திருத்த வேண்டாம்.

வரியைச் சரியாகக் கட்டிவிட்டேன். ஆனாலும் என் பில் 2பி-யில் வரவில்லை என்று சொல்லி ஒரு கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி தொகையைப் பிடித்துவைத்திருக்கிறார். தப்பு யார் மேல்? (ஹார்டுவேர் கடை, திண்டுக்கல்)

அவர் சொல்வது நியாயம்தான். கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஜூலை 10-ஆம் தேதி அவருக்கு 2,00,000 ரூபாய்க்குச் சரக்கு கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் ஜிஎஸ்டி 36,000 ரூபாய். அவர் மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர். அவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி, ஜூலை மாதத்துக்கு ஆகஸ்ட் 14 அன்று உருவாகும். நீங்கள் ஆகஸ்ட் 13-க்குள் ஐஎஃப்எஃப்பில் அந்த பில்லைப் போட்டிருந்தால் அதில் 36,000 தெரியும். ஆகஸ்ட் 20 அன்று ஜூலைக்கான வரியைக் கட்டும்போது அவர் அதைக் கழித்துக்கொள்வார். நீங்கள் ஐஎஃப்எஃப்பை விட்டுவிட்டு, அக்டோபர் 13 அன்று காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர்த்துப் போட்டால், அந்த பில் செப்டம்பருக்கான 2பி-யில்தான், அக்டோபர் 14 அன்றுதான் அவருக்குத் தெரியும். 2பி-யில் இல்லாத இன்புட்டை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, எடுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆக உங்களுக்குக் கொடுத்த 36,000-க்கு மேல், ஆகஸ்டில் இன்னொரு 36,000-ஐ அவர் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்திருக்கும். இரண்டு மாதம் அந்தப் பணம் முடங்கும். அதனால்தான் உங்கள் தொகையைப் பிடித்துவைக்கிறார்.

நீங்கள் பிஎம்டி-06-இல் கட்டிய வரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிஎம்டி-06 வெறும் பணம் கட்டும் சலான். யாருக்கு எந்த பில் போட்டீர்கள் என்ற விவரம் அதில் கிடையாது. அந்த விவரத்தை ஐஎஃப்எஃப்பும் ஜிஎஸ்டிஆர்-1-ம்தான் வாங்குபவரிடம் கொண்டுசேர்க்கும்.

ஐஎஃப்எஃப் கட்டாயம் இல்லை என்பது உண்மை. சில்லறை விற்பனை மட்டும் உள்ள கடைக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஜிஎஸ்டி எண் உள்ள ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தால்கூட, அவருடைய பில்லை மட்டுமாவது போட்டுவிடுங்கள். 13-ஆம் தேதி தாண்டினால் அந்த மாதத்துக்கான ஐஎஃப்எஃப் மூடிக்கொள்ளும். தாமதக் கட்டணம் கட்டிப் போடும் வழியும் கிடையாது. முதல் மாதம் விட்டுப்போனால் இரண்டாம் மாத ஐஎஃப்எஃப்பில் சேர்த்துவிடலாம். அதுவும் விட்டால் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஐஎஃப்எஃப்பில் எல்லா பில்லும் ஏற்றினேன், இருந்தும் அவருக்கு வரவில்லை. (ஜவுளி, ஈரோடு)

முதலில் போர்ட்டலில் அந்த மாதத்தைத் திறந்து நிலையைப் பாருங்கள். `Filed` என்று இருக்கிறதா? பில்களை ஏற்றி `SAVE` கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து வெளியே வந்துவிடுகிறார்கள். ஓடிபி கொடுத்துத் தாக்கல் செய்து, அதற்கு அத்தாட்சியான ஏஆர்என் எண் வந்த பிறகுதான் அது அரசுக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் போய்ச் சேரும். அந்த எண்ணை அப்படியே போட்டோ எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

`Filed` என்றுதான் இருக்கிறது என்றால், அடுத்து ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 15 எழுத்து எண்களில் ஒன்று மாறினால் போர்ட்டல் பெரும்பாலும் ஏற்காது. ஆனால் பழைய வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சரியான எண்தானே, ஏற்றுக்கொண்டுவிடும். இன்புட் யாரோ ஒருவருக்குப் போய்விடும். இதை அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்த அட்டவணையில்தான் சரிசெய்ய முடியும். அதே காலத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐத் திருத்த ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவம் உண்டு, ஆனால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை அதில் மாற்ற அனுமதி இல்லை.

ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒரு பில் விட்டுப்போச்சு. 3பி-யில் தொகையைக் கூட்டிப் போட்டுவிடலாமா? முன்பெல்லாம் அப்படித்தான் செய்தோம். (எலெக்ட்ரிகல்ஸ், சேலம்)

அந்த வழி இப்போது இல்லை. 2025 ஜூலை மாத வரிக்காலத்திலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-இல் போட்ட விற்பனைத் தொகை 3பி-யில் தானாக வந்து பூட்டிக்கொள்கிறது. கையால் மாற்ற முடியாது.

13-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கும் நாட்கள் இதற்குத்தான். ஜிஎஸ்டிஆர்-1 போட்ட பின், 3பி போடும் முன், ஜிஎஸ்டிஆர்-1ஏ-இல் விட்டுப்போன பில்லைச் சேர்க்கலாம், தொகையைத் திருத்தலாம். அதைத் தாக்கல் செய்ததும் 3பி-யில் எண் மாறிவிடும். ஆனால் ஒரு வரிக்காலத்துக்கு ஒரு தடவைதான் போட முடியும். அதனால் ஒரு பில் கண்ணில் பட்டவுடன் அவசரப்பட்டுப் போடாமல், பில் புத்தகத்தின் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மொத்தமாகப் போடுங்கள். இப்படிச் சேர்த்த பில் வாங்குபவரின் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

22-ஆம் தேதி இரவு இரண்டையும் ஒரே மூச்சில் போடுபவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சரிசெய்யக்கூடிய தவறு, நேரம் இல்லாததால் மட்டுமே அடுத்த காலாண்டுக்குப் போகிறது.

பிஎம்டி-06-இல் 35 சதவீதம் என்று காட்டுகிறது. எங்கள் விற்பனை அதைவிட அதிகம். குறைத்துக் கட்டினால் வட்டி வருமா? (பெயின்ட் கடை, தஞ்சாவூர்)

வராது. போன காலாண்டில் ரொக்கமாக 20,000 ரூபாய் கட்டியிருந்தால், இந்தக் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் தலா 7,000 என்று போர்ட்டலே சலான் தயாரித்துக் கொடுக்கும். அதை 25-க்குள் கட்டிவிட்டால், உண்மையான வரி அதைவிட அதிகமாக இருந்தாலும் அந்த மாதத்துக்கு வட்டி இல்லை. மீதியை 22-க்குள் 3பி-யோடு கட்டுங்கள். மூன்றாம் மாதத்துக்குத் தனியாக பிஎம்டி-06 கிடையாது.

சலானில் பணத்தை எந்தத் தலைப்பில் போடுகிறீர்கள் என்பதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வரிக்கான கட்டத்தில் போட வேண்டியதைத் தாமதக் கட்டணக் கட்டத்தில் போட்டால், பணம் லெட்ஜரில் இருந்தும் வரிக்குப் பயன்படாது. பிஎம்டி-09 மூலம் மாற்றிக்கொள்ளலாம், பணம் எங்கேயும் போய்விடாது.

3பி 20 நாள் தாமதமாகிவிட்டது. எவ்வளவு ஆகும்? (ஸ்டேஷனரி, நாகர்கோவில்)

இன்புட் கழித்து நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டியது 36,500 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 18 சதவீதம் வீதம் 20 நாளுக்கு வட்டி 360 ரூபாய். தாமதக் கட்டணம் மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து நாளுக்கு 50 வீதம் 1,000 ரூபாய். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை என்றால் இந்தக் கட்டணம் 2,000-க்கு மேல் போகாது. இதை இன்புட்டில் கழிக்க முடியாது, ரொக்கம்தான். ரிட்டர்ன் தயாராகவில்லை, ஆனால் பணம் இருக்கிறது என்றால் 22-க்குள் சலான் கட்டி லெட்ஜரில் வைத்துவிடுங்கள். ரிட்டர்ன் போடும்வரை அதைத் தொடாமல் இருந்தால் அந்தத் தொகைக்கு வட்டி வராது. நாள் கட்டணம் மட்டும் ஓடும்.

மூன்று மாதமாக வியாபாரமே இல்லை. ரிட்டர்ன் போடணுமா? (சீசன் வியாபாரம், ஊட்டி)

போட வேண்டும். நில் ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. பணத்தைவிடப் பெரிய தொல்லை வேறு. தொடர்ந்து இரண்டு காலாண்டு 3பி போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, பதிவை ரத்து செய்யவும் அதிகாரிக்கு வழி கிடைத்துவிடும். சீசன் தொடங்கும் நேரத்தில் சரக்கை வண்டியில் ஏற்ற முடியாமல் நிற்பீர்கள்.

போர்ட்டலுக்குள் போகாமலே, பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். கடைசி ஆறு இலக்கம் காலாண்டின் மூன்றாம் மாதமும் ஆண்டும்.

```
NIL R1 <GSTIN> MMYYYY
NIL 3B <GSTIN> MMYYYY
```

முதலில் R1, அப்புறம் 3B. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் பதிலாக வரும். அதை `CNF R1` அல்லது `CNF 3B` என்பதோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினால்தான் தாக்கல் முடியும்.

ஒரு எச்சரிக்கை. விற்பனை இல்லாவிட்டாலும் அந்தக் காலாண்டில் சீசனுக்காகச் சரக்கு வாங்கியிருந்தால் அது நில் ரிட்டர்ன் அல்ல. எஸ்எம்எஸ் அனுப்பாமல் போர்ட்டலில் போட்டு, 2பி-யில் உள்ள இன்புட்டை எடுத்துவையுங்கள். ஏற்கெனவே நில் என்று அனுப்பிவிட்டிருந்தால், அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன் போட்டால் அந்த நாள் வரை, பின்வரும் ஏதாவதொரு 3பி-யில் அதை எடுத்துக்கொள்ளலாம்.