உட்கூரை மூலையில் கறை: பூஞ்சையா, நீர்க்கசிவா?

கேள்வி (செம்பூர்): எங்கள் படுக்கையறையின் சீலிங் மூலையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். மஞ்சள் வட்டமும் இருக்கிறது, கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. இது பூஞ்சையா, மேல்வீட்டுக் கசிவா? எதைக் கொண்டு துடைப்பது?

பதில்: இரண்டும் இருக்கின்றன. ஆனால் முதலில் வந்தது கசிவு. பூஞ்சை அதன் பின்னால் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சள் கறையின் நடுப்பகுதியைவிட அதன் வெளி விளிம்பு அடர்ந்த பழுப்பாக இருக்கிறது. தண்ணீர் பரவி, ஓரத்தில் காய்ந்து, தான் கரைத்துக் கொண்டுவந்ததை அங்கேயே விட்டுச் சென்றால்தான் இப்படி ஒரு கோடு விழும். உங்கள் படத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிகின்றன. ஆகவே அந்த இடம் ஒருமுறைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது. இடப்புறம் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அதன் அருகில் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் கறைக்குள் மட்டுமே இருக்கின்றன, வெளியே ஒன்றுகூட இல்லை. காற்றின் ஈரத்தால் மட்டும் வரும் பூஞ்சை இப்படி எல்லை பார்த்து நிற்காது. மூலைக்கோட்டை ஒட்டி, தூவிய மிளகுத்தூள் போல ஓரமே இல்லாமல் இரு சுவர்களிலும் இறங்கியிருக்கும்.

எனவே இப்போதைக்குத் துடைக்க வேண்டாம். கறையின் வெளி ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். டார்ச்சைக் கூரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கொப்புளங்கள் அதில் தெரியும். பிறகு மேல்வீட்டில் அந்த இடத்திற்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். குளியலறை என்றால், தரையில் தண்ணீர் போகும் ஜாலியை அடைத்து, ஓர் அங்குல உயரத்திற்கு 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் கறை பென்சில் கோட்டைத் தாண்டினால், டைல்ஸ் இடுக்கிலோ ஜாலியைச் சுற்றியோ கசிகிறது என்று பொருள். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் குறையவே இல்லை என்றால், தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். கறைக்கு அருகில் மின்விளக்கோ மின்விசிறியோ இருந்தால், அந்த இணைப்பின் எம்.சி.பி.யை முதலில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி (முலுண்ட்): இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பிளீச் போட்டுத் துடைத்து, மேலே டாம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடித்தேன். எங்கள் குளியலறையில் போயே போய்விட்டது.

பதில்: உங்கள் வீட்டில் போனதற்குக் காரணம், அது குளியலறை நீராவியால் வந்த மேற்பரப்புப் பூஞ்சை. அதற்குத் துடைப்பதுதான் சரியான வழி. செம்பூர் மூலையில் இதையே செய்தால் புள்ளிகள் மறையும், தண்ணீர் மறையாது. உள்பக்கம் அடைத்த பெயின்ட்டுக்குப் பின்னால் அது தேங்கி, அந்தப் பெயின்ட்டையே உரித்துக்கொண்டு கீழே வரும், அல்லது நகர்ந்து வேறு இடத்தில் வெளிப்படும்.

துடைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பூஞ்சையைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. அதன் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து, முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கறுப்பு மீதமிருந்தால் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் போகாமல் பிளீச் கலந்து தடவி, சிறிது நேரம் விட்டு, ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். அந்தப் பிளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிடையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பூஞ்சை சுமார் 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ, இந்த வேலையை அனுபவமுள்ளவர்களிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி (காட்கோபர்): எங்கள் மூலையில் வட்டமே இல்லை, புள்ளிகள் மட்டும்தான். மேல்வீட்டில் குளியலறையும் இல்லை, ஏசி போட்ட படுக்கையறை. பிறகு ஏன் மழைக்காலத்தில் மட்டும் வருகிறது?

பதில்: அந்த ஏசியே காரணமாக இருக்கலாம். அவர்கள் வீட்டுத் தரைதான் உங்கள் வீட்டுக் கூரை. இரவெல்லாம் அது குளிர்ந்திருந்தால், மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்று அதன் அடிப்பக்கம் பட்டுப் பனிக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். புள்ளிகளுக்கு அருகே உள்ள சுத்தமான இடத்தை உலர்த்தி, ஓர் அடிச் சதுரத்திற்கு அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரமானால் காற்றிலிருந்து வந்தது. பிரித்துப் பார்க்கையில் கூரைப் பக்கம் ஈரமாக இருந்தால் உள்ளிருந்து வருவது.

குறுக்கே ஒரு கருத்து (மாட்டுங்கா, ஓய்வு பெற்ற கட்டுமானப் பொறியாளர்): தாள் சோதனையை இவ்வளவு நம்பக் கூடாது. கசிவு மழை நாளில் மட்டும், அல்லது மேலே தரையைக் கழுவும் நாளில் மட்டும் வரலாம். தாள் ஒட்டிய இரண்டு நாளும் வறண்டிருந்தால் அது எதையும் காட்டாது. மேலும் தண்ணீர் சிலாப்புக்குள் கிடையாக ஓடி வேறு இடத்தில் இறங்கும். நேர்மேலே குளியலறை இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

பதில்: ஐயா சொல்வது சரி. கூரைப் பக்கம் ஈரம் தெரிந்தால் அதை நம்பலாம். தெரியாவிட்டால் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காட்கோபர் நண்பர் பலத்த மழை பெய்யும் நாளில் ஒருமுறையும், மழை விட்டபின் ஒருமுறையும் தாளை ஒட்டிப் பார்க்கட்டும். இப்போது அனுப்பிய ஒரே படத்தை வைத்து அவருக்கு என்னால் உறுதியான பதில் தர இயலாது.

கேள்வி (சயான்): எங்களுக்கும் இதே பிரச்சினைதான். தரைத்தளம். சுவரின் அடியில் இரண்டடி உயரத்திற்கு உப்புப் பூத்து உதிர்கிறது.

பதில்: உங்களுடையது வேறு. அது நிலத்திலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரமாகவோ, அருகிலுள்ள குழாய்க் கசிவாகவோ இருக்கலாம். நேரில் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

மீண்டும் செம்பூர்: தண்ணீர் தேக்கியபோது கறை கோட்டைத் தாண்டியது. மேல்வீட்டுக்காரர் டைல்ஸ் இடுக்குகளை அடைத்துவிட்டார். உடனே பெயின்டரைக் கூப்பிடலாமா? பணம் யார் தர வேண்டும்?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அதே தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். டைல்ஸ் இடுக்கை மேலாக அடைப்பது சில வீடுகளில் போதும், சில வீடுகளில் டைல்ஸைப் பெயர்த்து அடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்யாமல் நிற்காது. கறை மேலும் பரவவில்லை என்றால், கறுப்புப் புள்ளிகளை மேலே சொன்னபடி ஈரத்துணியால் எடுத்துவிட்டு, உலர விடுங்கள். உப்பை மட்டும் காய்ந்த பிறகு, காய்ந்த பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். தண்ணீர் தொட்டால் கரைந்து பூச்சுக்குள்ளேயே திரும்பிப் போகும். பிறகு கொப்புளம் எழும்பிய பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும் பூச்சைக் கொத்தனார் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசட்டும். உள்ளே கம்பி ஓடும் வரிசையில் செம்பழுப்புக் கோடோ விரிசலோ தெரிந்தால், பூசாமல் நிறுத்தி ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள், கம்பி துருப்பிடித்திருக்கலாம்.

உலர்வதற்கு மழைக்காலத்தில் பல வாரங்கள் ஆகலாம். பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் கழித்துப் பார்க்கையில் கூரைப் பக்கம் ஈரம் படியவில்லை என்றால், ப்ரைமரும் பெயின்ட்டும் அடிக்கலாம். செலவைப் பொறுத்தவரை, மகாராஷ்டிராவின் வீட்டுவசதிச் சங்க மாதிரி விதிகளின்படி, மழைநீரும் பொதுக் குழாய்களும் காரணமான கசிவைச் சங்கம் சரிசெய்ய வேண்டும். கழிப்பறை, சிங்க் போன்ற வீட்டுக்குள்ளான கசிவு வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் சொசைட்டியின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தேதி எழுதிய படங்களோடு செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.