பக்கத்தை அழித்தும் வாட்ஸப்பில் தலைப்பு போகவில்லை

“பக்கத்தை நேற்றே எடுத்துவிட்டேன். குரூப்பில் பழைய தலைப்பும் படமும் அப்படியே நிற்கின்றன. எப்படிப் போக்குவது?”

அந்த மெசேஜையே எல்லாருக்கும் அழிக்க வேண்டும், வேறு வழியில்லை. லிங்க்கை ஒட்டும்போது பக்கத்தைத் திறந்து தலைப்பையும் சின்னப் படத்தையும் எடுப்பது அனுப்புபவரின் போன்தான். அவை மெசேஜோடு சேர்ந்தே போய்விடுகின்றன. பிறகு யாரும் உங்கள் தளத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பக்கம் போனது அந்த முன்னோட்டப் பெட்டிக்குத் தெரியாது.

அதே லிங்க்கை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வெறும் லிங்க் மட்டும் வந்தால் பக்கம் போய்விட்டது, மிச்சமிருப்பது பழைய நகல். பழைய தலைப்பே வந்தால் முதலில் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கும் பக்கம் வந்தால் சர்வரிலோ, பக்கங்களின் நகலை வைத்துத் தரும் சிடிஎன்னிலோ இன்னும் இருக்கிறது.

அனுப்பியவர் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம், நேற்று அனுப்பியதென்றால் இன்றே செய்யுங்கள். குரூப் அட்மினாலும் அழிக்க முடியும், அவரிடமும் கேட்டுப் பாருங்கள். யாராவது ஃபார்வர்ட் செய்திருந்தால் அது தனி நகல், அதை அவர்தான் அழிக்க வேண்டும்.

டெலிகிராம் கதை வேறு. அங்கே முன்னோட்டம் அவர்கள் சர்வரில் இருக்கும், லிங்க்கை @WebpageBot-க்கு அனுப்பினால் மறுபடி படிக்கும்.